ஓரக்கண்

நோன்பு மாதத்தின் முதல் இரவு, இஷா தொழுகை முடிந்து முகத்தை இரு பக்கமும் திருப்பி ஸலாம் கொடுத்தார்கள். பிறகு ஆளாளுக்குத் தனியாக, நின்று, குனிந்து, நெற்றி வைத்து ரெண்டு ரக்அத் தொழுதார்கள். அவளும் பார்த்துப் பார்த்துத் தொழுதாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்து முசல்லாவை, அந்தத் தொழுகைப் பாயை, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பள்ளிவாசல் மேல்மாடி முழுக்க உட்கார்ந்திருந்த பெண்கள் மொத்தமாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? இனிமேதான் தராவீஹே ஆரம்பிக்கப் போகுது" என்றார் வலது பக்கத்தில் இருந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். இங்கே வரிசை கோணினால் பொறுக்கமாட்டார் என்பதால் அவருக்கு வரிசை டீச்சர் என்றே பெயர்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் புதிதாக வந்தவளுக்கு எந்தச் சிரிப்பும் கொஞ்சம் குத்தத்தான் செய்யும். அவள் இடது பக்கம் திரும்பினாள். சுவரை ஒட்டி மாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தார், அவள் கக்கத்தில் இருந்த முசல்லாவைப் பார்த்தார், மறுபடி தஸ்பீஹ் மணியில் கண்ணைப் பதித்துக்கொண்டார். அந்த ஒரு பார்வை போதாதா? அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

இத்தனைக்கும் அவள் நோன்பு மாதத்துக்காக ஏகப்பட்ட ஆயத்தம் செய்திருந்தாள். கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து வருஷம் திரும்பவில்லை. குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவும், கடைசிப் பக்கங்களில் இருக்கிற மூன்று சின்ன சூராக்களும்தான் மனப்பாடம். தராவீஹ் என்கிற நோன்பு இரவுத் தொழுகையில் குர்ஆன் முழுவதையும் ஓதி முடிப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, முழுவதையும் தானும் ஓத வேண்டும்போல என்று பயந்து, ரெண்டு ராத்திரி தூங்கவில்லை. ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் அவளுக்கு இஸ்திரி வேலை. தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டே உதட்டுக்குள் ஓதிப் பழகுவாள். கூட நிற்கிறவர்கள், "யாரைத் திட்டுற?" என்று கேட்பார்கள்.

அந்தப் பயத்தை அன்றைக்கு வரிசை டீச்சர்தான் போக்கினார். "உன்னை யாரு ஓதச் சொன்னா? இமாம் ஓதுவாரு, நாம வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். குனியற ருகூவுல, நெத்தி வைக்கற சுஜூதுல, உக்கார்ற இருப்புல சொல்றது மட்டும் நீ சொல்லிக்க. ரெண்டு ரெண்டா இருவது ரக்அத்து. நாலுக்கு ஒருதரம் கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்கிக்கலாம். கடைசியில வித்ரு மூணு. ஒவ்வொரு நாளும் முப்பதுல ஒரு பாகம், அதான் ஒரு ஜுஸ்உ, அதுக்கு மேல கொஞ்சம் ஓதுவாரு. இருவத்தேழாம் இரவு குர்ஆன் முடிஞ்சிரும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இஷாவையும் சேத்தா ஒண்ணேமுக்கால் மணி நேரம். கால் கடுத்தா உக்காந்து தொழுதுக்க, தப்பில்ல. எட்டு ரக்அத்தோட வீட்டுக்குப் போறவங்களும் இருக்காங்க. அதுக்காக யாரும் யாரையும் ஒண்ணும் சொல்றதில்ல. பொம்பளைங்க வீட்டுலயே தொழுதுக்கலாம், அதுக்கும் குறைவில்ல. இங்க வந்து நின்னா இமாம் ஓதுறத முழுசாக் கேக்கலாம், அதுதான் விஷயம்."

பெண்கள் தொழும் இடம் மேல்மாடியில் இருந்தது. பக்கவாட்டுச் சந்தில் தனிவாசல், தனிப்படி, கை கால் முகம் கழுவி ஒளூ செய்யத் தனியாக நாலு குழாய். முன்பக்கம் மரத்தட்டி அடித்து அதன் மேல் பச்சைத் துணித் திரை போட்டிருந்தார்கள். கீழே இமாம் நிற்கிறாரா, குனிகிறாரா என்பது மேலே யாருக்கும் தெரியாது. எல்லாம் சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் பெட்டி சொல்வதுதான். அது "அல்லாஹு அக்பர்" என்றால் குனிய வேண்டும். "ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ்" என்றால் நிமிர வேண்டும். மறுபடி "அல்லாஹு அக்பர்" என்றால் நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கும் வயசாகிவிட்டது. நடுநடுவே கரகரவென்று இருமும்.

முன்வரிசையில் சுவரோரக் கடைசி இடம் மாமியாருக்கு. வருஷக்கணக்காக அங்கேதான் நிற்கிறாராம். அதற்கு அடுத்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டி இவளை நிற்கச் சொன்னார். இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் இவள். முதல் நாள் இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் சேர்த்துக்கொண்டாரே என்று கண் கலங்கியது. அந்தச் சந்தோஷம் நாலு ரக்அத்துகூடத் தாங்கவில்லை.

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழும்போது கண் நெற்றி வைக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாமியாரின் கண்ணோ ஓரமாக இவள் மேலேயே இருந்தது. இவள் கை கட்டினால் பார்க்கிறார், குனிந்தால் பார்க்கிறார், இருப்பில் விரலை நீட்டினால் பார்க்கிறார். எங்கே தப்பு பண்ணுவாள், எப்போது பிடிக்கலாம் என்று காத்திருக்கிறாரோ? வீட்டில்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால் அல்லாஹ்வுக்கு முன்னால் நிற்கிற இடத்திலுமா இந்தக் காவல்?

வீட்டுக் கதை இன்னும் மோசம். புருஷன் கப்பலில் சமையல்காரன். ஒன்பது மாசம் கடல், மூணு மாசம் கரை. கல்யாணத்துக்கு அம்மா சம்மதித்ததே பெரிது என்று சொல்லிவிட்டு, ரெண்டு பெண்களையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். "மாமி, டீ போடட்டுமா?" என்று இவள் கேட்பாள். பதில் வராது. "மாமி, இன்னிக்கு வர லேட்டாகும்." அதற்கும் பதில் வராது. மரியாதையாக இருக்கட்டும் என்று தலையைக் குனிந்து, குரலை இறக்கித்தான் பேசுவாள். அப்படியும் மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவார். வாசல் மணி அடித்தால் எழுந்திருக்க மாட்டார், இவள்தான் ஓட வேண்டும். மகன் போன் பண்ணினால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். அதிலும் முகம் தெரிகிற அழைப்பாக இருக்க வேண்டும். திரையைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல வைத்து, அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசுவார். இவள் சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மகன் மேல் உயிர், மருமகள் என்றால் வேண்டாத சுமை, வேறென்ன? இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பழைய பெயரும் இல்லை, புதிய பெயரும் இல்லை.

முதல் நாள் நாலு ரக்அத் முடிந்து உட்கார்ந்தபோது, பாட்டிலைத் திறந்துகொண்டே, "மாமி, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். மாமியார் திரையைப் பார்த்தபடி மணி உருட்டிக்கொண்டிருந்தார். வரிசை டீச்சர் எட்டிக் கை நீட்டி, "எனக்குக் குடும்மா" என்று வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு இவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அப்படி ஐந்தாறு நாள் போயிற்று. பிறகு அவளுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் வந்தன. அந்த நாட்களில் பெண்கள் தொழுவதில்லை, நோன்பும் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். "நான் வரல மாமி" என்று சொல்லத் தயங்கி, ஜாடையாகக் கையை ஆட்டினாள். மாமியார் புரிந்துகொண்டார். ஆச்சரியம் என்னவென்றால் அந்த வாரம் அவரும் போகவில்லை. "முட்டி வலி" என்று சொல்லிவிட்டு, வீட்டு அறையிலேயே முசல்லா விரித்துத் தனியாகத் தொழுதார். பள்ளிவாசலில் எல்லோரும் 'உன் மருமகள் எங்கே' என்று கேட்பார்களே, அந்த வெட்கத்துக்காகத்தான் என்று இவள் தானாக ஒரு முடிவுக்கு வந்தாள். வருஷா வருஷம் ஒரு நாள்கூட விடாமல் குர்ஆனை முழுசாகக் கேட்ட மனுஷி, தன்னால் வீட்டில் முடங்கிக் கிடக்கிறாரே என்று நினைத்து நினைத்து மருகினாள்.

குளித்துச் சுத்தமாகித் திரும்பவும் கிளம்பிய அன்று, அவள் மனசுக்குள் ஒன்று தீர்மானமாகியிருந்தது. இதுதான் கடைசி. இன்றைக்குத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் சொல்லிவிட வேண்டும். 'மாமி, இனிமே நான் வீட்டுலயே தொழுதுக்கறேன், நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.' அவ்வளவுதான். வீட்டில் தொழுவதற்குத்தான் குறைவில்லையே. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் பிறகு அந்த வீட்டில் தனக்கு என்ன மிச்சம் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. பக்கத்தில் நிற்கிற ஒரே இடத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டால், அப்புறம் ரெண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ் இருக்கிற ரெண்டு வாடகைக்காரர்கள். புருஷன் வருகிறவரை அப்படியே ஓட்ட வேண்டும். வந்த பிறகு அவன் யார் பக்கம் நிற்பான்?

படியேறிப் போனதும் மாமியார் தன் இடத்தில் நின்று, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். இவள் போய் நின்றாள்.

முதல் எட்டு ரக்அத் ஒழுங்காகப் போயிற்று. பகல் முழுக்க இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்ற கால், இப்போது குதிகாலில் வலியைக் கொண்டுவந்து கொட்டியது. ஆனாலும் இமாமின் குரல் நன்றாக இருந்தது. குர்ஆன் முழுவதும் மனப்பாடமான இளம் வயது ஹாஃபிழ், அவசரப்படாமல் ஓதுகிறவர். இவளுக்கு அரபி ஒரு வார்த்தை புரியாது. ஆனால் பெயர்கள் மட்டும் பிடிபடும். கூட்டத்தில் தெரிந்த முகம் தென்படுகிற மாதிரி அது ஒரு சந்தோஷம். அன்றைக்கு ஜகரிய்யா என்று வந்தது. யஹ்யா வந்தது. பிறகு மர்யம் என்று வந்தபோது, அட, நம்ம மர்யம் அம்மா என்று நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

அடுத்த ரெண்டு ரக்அத் ஆரம்பிக்கும் முன்னால் ஸ்பீக்கரில் இமாம் என்னவோ சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒரு குழந்தை தண்ணீர்ப் பாட்டிலைத் தட்டிவிட்டது. பெண்கள் துப்பட்டாவைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள், துடைக்கத் துணி தேடினார்கள், பெட்டியும் தன் பங்குக்குக் கரகரத்தது. முன்வரிசையில் இருந்த சிலர் காதில்தான் இமாம் சொன்னது விழுந்தது. அதற்குள் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொல்லிக் கை கட்டிவிட்டார்கள்.

ஓதல் நீண்டுகொண்டே போனது. இப்ராஹீம், இஸ்ஹாக், மூஸா, இஸ்மாயீல், இத்ரீஸ். பெயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இமாமின் குரல் ஓர் இடத்தில் தழுதழுத்து நின்றது. "அல்லாஹு அக்பர்."

குனியப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது பக்கம் வரிசை டீச்சர் குனியவே இல்லை. நின்ற நிலையிலிருந்து நேராகத் தரைக்குப் போய் நெற்றியை வைத்துவிட்டார். அவருக்கு அடுத்தவர் முட்டியில் கை வைத்துக் குனிந்திருந்தார். அதற்கும் அடுத்தவர் பாதி குனிந்து, பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தடாலென்று சுஜூதுக்குப் போனார். யார் செய்வது சரி? இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியாருக்குத் தெரியாமலா இருக்கும், அவர் செய்வதைச் செய்வோம் என்று இடது பக்கம் கண்ணை ஓட்டினாள்.

மாமியார் குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தார். முகத்தையே திருப்பி இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்க ஆளாளுக்கு ஒரு விதமாகக் குனிந்தும் விழுந்தும் கிடக்க, நேராக நின்றது இவர்கள் ரெண்டு பேர் மட்டும்தான். இவள் அவருக்காகக் காத்திருந்தாள். அவர் இவளுக்காகக் காத்திருந்தார். இவள் இத்தனை நாள் முள் என்று நினைத்த அந்தக் கண்ணில் இருந்தது பயம். கூட்டத்தில் கை நழுவிய குழந்தை, தன் ஆளைத் தேடுகிற பயம்.

மறுபடி ஒரு "அல்லாஹு அக்பர்". தரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். குனிந்தவர்கள் திருதிருவென்று முழித்து நிமிர்ந்தார்கள். இமாம் விட்ட இடத்திலிருந்து ஓதலைத் தொடர்ந்தார்.

இவளுக்கு அதற்குப் பிறகு ஒரு பெயரும் காதில் விழவில்லை. அடுத்த தக்பீர் வந்தபோது, வேண்டுமென்றே அரை மூச்சு தாமதித்தாள். இடது பக்கம் அசையவில்லை. குனிந்தாள். இடது பக்கமும் குனிந்தது. நிமிர்ந்தாள். ஒரு மூச்சு கழித்து இடது பக்கமும் நிமிர்ந்தது. ஒரு மூச்சு கழித்து, எப்போதும் ஒரு மூச்சு கழித்து. வாசல் மணிக்கு எழாதது, முதுகைக் காட்டிக் கழுவியது, மகன் முகத்தைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பேசியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. அந்த ஒரு வாரம் அவருக்கு முட்டி வலிக்கவே இல்லை. நெற்றியைத் தரையில் வைத்த பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானும்தான் ஒருதரம் தலையை நிமிர்த்திப் பேசியிருக்கலாமே.

ஸலாம் கொடுத்ததும் பெட்டியில் இமாமின் குரல் வந்தது. "மேல தொழுறவங்களுக்கு நான் சொன்னது சரியாக் கேக்கலைன்னு நினைக்கறேன். இந்த ரக்அத்துல சஜ்தா வசனம் இருந்துச்சு. அத ஓதினா ருகூவு பண்ணாம நேரா ஒரு சுஜூது பண்ணிட்டு எழுந்து நிக்கணும். தடுமாறினவங்க மனசு கஷ்டப்பட வேண்டாம். இனிமே சஜ்தா இருந்தா ரெண்டுதடவை சொல்றேன்." மேல்மாடியில் ஒரு சிரிப்பு எழுந்தது. "முப்பது வருஷமாத் தொழுறேன், இன்னிக்கு ருகூவுல தொங்கிட்டு நின்னேன்" என்று ஒருத்தர் சொல்ல, "நான் மட்டும் என்னவாம்" என்றார் இன்னொருத்தர். விட்டுப்போன சுஜூதுக்கு என்ன செய்வது என்று இமாம் ஹஸ்ரத்திடம் கேட்டுச் சொல்வதாக வரிசை டீச்சர் பொறுப்பேற்றுக்கொண்டார். முதல் நாள் பாயைச் சுருட்டியவள் அந்தச் சிரிப்பில் இப்போது ஓர் ஆளாக இருந்தாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது ரக்அத் முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், முட்டி போட்டு நகர்ந்து மாமியாருக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தினாள். முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து, சத்தம் அதிகம் போடாமல் கேட்டாள்.

"மாமி. தண்ணி வேணுமா?"

மாமியாரின் கண் அவள் உதட்டில் நின்றது. பிறகு அவள் கண்ணுக்கு ஏறியது. தெரிந்துபோயிற்று என்று அவருக்கும் தெரிந்தது. மணியை மடியில் வைத்தார்.

"குடு" என்றார்.

குடித்துவிட்டு, பாட்டிலைத் தன் துப்பட்டா முனையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். வரிசை டீச்சர் எழுந்து, "நெருங்கி நில்லுங்க, நடுவுல இடம் விடாதீங்க" என்று வழக்கம்போல் குரல் கொடுத்தார். இவள் இடது பக்கம் நகர்ந்து நின்றாள். தோள் தோளில் பட்டது. அவள் குனிந்தால் அந்தத் தோள் அறியும், நிமிர்ந்தால் அறியும். கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மிச்சமிருந்த எட்டு ரக்அத்திலும் வித்ரிலும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டது இவள்தான். மாமியாரின் பார்வை நெற்றி வைக்கிற இடத்தில் அசையாமல் இருந்தது.

வீட்டுக்குப் போகும் தெரு காலியாக இருந்தது. கடைகள் பாதி மூடியிருந்தன. தெருவிளக்கு ஒன்றின் கீழே வந்ததும் மாமியாரே நின்றார்.

"ரெண்டு வருஷமாச்சு" என்றார். "மொதல்ல இமாம் சத்தம் தூரமாப் போச்சு. அப்புறம் முழுசாப் போச்சு. முகத்தைப் பாத்தா பேச்சு புரிஞ்சிரும். ஆம்பளையாப் பொறந்திருந்தா மொத வரிசையில நின்னு இமாமப் பாத்தே தொழுதிருப்பேன். திரைக்கு அந்தப் பக்கம் எனக்கு என்ன தெரியும்?"

"உங்க மகன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வீட்டுல உக்காருன்னுவான். டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போவான்."

"டாக்டர்ட்ட போனா என்ன மாமி?"

"நோன்பு முடியட்டும், பாக்கலாம்" என்றார் மாமியார், போகமாட்டேன் என்கிற குரலில். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "நீ கூட வந்தா பாக்கலாம்."

இவள் தயங்கினாள். கேட்காமல் விட்டால் தூக்கம் வராது. "என்னை எதுக்கு மாமி பக்கத்துல நிக்க வெச்சீங்க? எனக்கே ஒண்ணும் தெரியாதே. டீச்சர நிக்க வெச்சிருக்கலாமே."

"அவ நாக்கு சும்மா இருக்குமா? ஊரு பூரா சொல்லிருவா." மாமியார் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டார். "நீ புதுசு. ஒவ்வொண்ணையும் உன்னிப்பாக் கேட்டுக் கேட்டுச் செய்வே. நாங்கல்லாம் பழக்கத்துல குனிஞ்சு நிமிருவோம். உன்னை நம்பித்தான் நின்னேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே பேசறியா, வீட்டுல நீ என்ன சொல்றேன்னுதான் ஒண்ணும் விளங்கல. என்னைப் புடிக்கல போலன்னு இருந்துட்டேன்."

இவள் வாயைத் திறந்தாள். இனி வரமாட்டேன் என்று சொல்ல, போகும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, மெதுவாக, ஆசையை மறைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னிக்கு என்னம்மா ஓதினாரு? மர்யம் வந்துச்சா?"

"எனக்கு அர்த்தம் தெரியாது மாமி. பேருதான் தெரியும்."

"பேரு போதும். பேரச் சொன்னா மிச்சத்த நான் சொல்லிக்குவேன். சின்ன வயசுல பூராவும் ஓதினதுதான்."

அவள் ரெண்டு எட்டு முன்னால் போய்த் திரும்பி நின்றாள். முகத்தில் வெளிச்சம் விழும்படி துப்பட்டாவைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். "ஜகரிய்யா" என்றாள், வாயை அகலத் திறந்து. "அப்புறம் யஹ்யா. அப்புறம் மர்யம்." மாமியார் நடக்க, அவர் முகத்தைப் பார்த்தபடி அவள் பின்னுக்குப் பின்னுக்கே நடந்தாள். குதிகால் வலித்தது. கல் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. "வலது பக்கம் குழி, பாத்து வா" என்று மாமியார் அவளுக்குப் பின்னால் இருந்த தெருவைப் பார்த்துச் சொன்னார். அவள் விலகி நடந்து, அடுத்த விளக்கு வந்ததும் நின்று, "இப்ராஹீம்" என்றாள். மாமியாரின் உதடு அசையத் தொடங்கியது.